விடை பின்னத்தின் பகுதியில் இருக்கிறது

100 மில்லிஹென்றி சுருள் ஒன்று, 0.4 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 2600 ஓம் மின்தடை ஒன்று. மூன்றையும் வரிசையாக இணைத்து, 10 வோல்ட் மின்கலத்தோடு ஒரு சுவிட்ச் வழியாகச் சேர்த்தாயிற்று. சுவிட்சைப் போட்ட நொடியில் மின்தேக்கியின் மின்னழுத்தம் சுழி. கொஞ்ச நேரம் போனால் அது 10 வோல்ட்டை எட்டிவிடும். இடையில் எப்படி ஏறுகிறது என்பதுதான் கேள்வி. மெதுவாக ஏறுமா, சட்டென்று ஏறுமா, 10-ஐத் தாண்டிப் போய்த் திரும்புமா?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு முடிவதற்குள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலான மாணவர்கள் சந்தித்துவிடுகிறார்கள். ஆனால் அது மின்சுற்றாக வருவதில்லை. ‘பின்வரும் கோவையின் நேர்மாறு லாப்லாஸ் உருமாற்றம் காண்க’ என்று ஒற்றை வரிக் கணக்காக வருகிறது. மாணவர்கள் பேச்சில் அது ‘இன்வர்ஸ் லாப்லாஸ்’. அதைப் போடும் வழி ‘பார்ஷியல் ஃப்ராக்ஷன்’. பதினொன்றாம் வகுப்பில் படித்த அதே பகுதிப் பின்னங்கள்தாம். கணக்கைச் சுற்றிலிருந்து பிரித்துக் கற்றுக்கொடுப்பதால், A, B, C என்று கண்டுபிடிக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன என்பது பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது. சுற்றைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டால் கதை வேறு.

சுற்றின் சமன்பாட்டில் மின்னழுத்தமும் இருக்கும், அது மாறும் வேகமும் இருக்கும், அந்த வேகம் மாறும் வேகமும் இருக்கும். இப்படிப்பட்ட வகைக்கெழுச் சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்கலாம். ஆனால் லாப்லாஸ் உருமாற்றம் ஒரு சுருக்கு வழியைத் தருகிறது. நேரத்தைப் பொறுத்து வகையிடுவது, உருமாற்றத்துக்குப் பிறகு s என்ற எழுத்தால் பெருக்குவதாக மாறிவிடும். தொடக்கத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் சுழி என்பதால் கூடுதல் உறுப்புகள் எதுவும் ஒட்டிக்கொள்ளாது. வகைக்கெழுச் சமன்பாடு சாதாரண இயற்கணிதமாகிவிடுகிறது.

நேரத்தை மில்லிநொடியில் அளந்தால் எண்கள் அழகாக அமையும். மின்தடையைச் சுருளின் மதிப்பால் வகுத்தால் 26 வருகிறது. சுருள், மின்தேக்கி இரண்டின் பெருக்கலை 1-க்குக் கீழே போட்டால் 25 வருகிறது. மின்கலத்தின் 10 வோல்ட்டை ‘1’ என்று வைத்துக்கொண்டால், மின்தேக்கியின் மின்னழுத்தத்தின் உருமாற்றம் இது:

V(s) = 25 / [s(s² + 26s + 25)]

விடை இதற்குள் முழுமையாக இருக்கிறது. ஆனால் s-இன் மொழியில் இருக்கிறது. நேரத்தின் மொழிக்குத் திருப்ப வேண்டும். பாடப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் இவ்வளவு பெரிய கோவை பொதுவாக இருக்காது. அங்கே இருப்பவை சின்னச் சின்னப் பின்னங்கள்: 1/s என்றால் மாறாத 1, 1/(s + a) என்றால் தேய்ந்துகொண்டே போகும் e^(−at). ஆகவே பெரிய பின்னத்தை அட்டவணையில் உள்ள துண்டுகளாக உடைக்க வேண்டும்.

பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. உடைக்கும் வேலை பகுதியில்தான் தொடங்குகிறது. s² + 26s + 25 என்பது (s + 1)(s + 25) என்று காரணிப்படும். எனவே

25 / [s(s + 1)(s + 25)] = A/s + B/(s + 1) + C/(s + 25)

B-ஐக் கண்டுபிடிக்க இருபுறமும் (s + 1)-ஆல் பெருக்கி, s-க்கு −1 என்று இடவேண்டும். வலப்புறம் A, C இரண்டோடும் (s + 1) பெருக்கலாக வந்து நிற்பதால், s = −1 என்றதும் அவை இரண்டும் மறைந்து B மட்டும் மிஞ்சும். இடப்புறம் பகுதியிலிருந்த (s + 1) அடிபட்டுப்போயிருக்கும். செய்முறையில் இதற்கு எழுதக்கூட வேண்டியதில்லை. பகுதியில் (s + 1)-ஐ விரலால் மறைத்துவிட்டு, மிச்சத்தில் −1 போட்டால் போதும்: 25 / (−1 × 24), அதாவது −25/24. இதேபோல் s-ஐ மறைத்து 0 போட்டால் A = 1. (s + 25)-ஐ மறைத்து −25 போட்டால் C = 1/24.

வகுப்பறையில் ‘கவர்-அப் மெத்தட்’ என்று சொல்லப்படும் இந்த விரல் வித்தைக்கு ஆலிவர் ஹெவிசைடின் பெயரும் உண்டு. 1850-இல் லண்டனில் பிறந்த ஹெவிசைடு பல்கலைக்கழகப் பக்கம் போகாதவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். தந்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தந்திக் கம்பியில் சைகை எப்படிப் பரவுகிறது என்பதைக் கணக்கிட, ‘நேரத்தைப் பொறுத்து வகையிடு’ என்ற கட்டளையையே p என்ற ஓர் எழுத்தாக வைத்து, அதைச் சாதாரண எண்போல் பெருக்கியும் வகுத்தும் விடை கண்டார். 1893-இல் இதை அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டபோது கணிதர்கள் முகம் சுளித்தார்கள். விடைகள் சரியாக வந்தன. ஏன் சரியாக வருகின்றன என்பதற்கு நிரூபணம் இல்லை. 1916-இல் ப்ராம்விச் கலப்பெண் தொகையீட்டின் மூலம் அந்த முறைக்கு அடித்தளம் போட்டார். பிறகு அது 1827-இல் மறைந்த பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரில் பாடப்புத்தகங்களுக்குள் வந்தது. ஹெவிசைடுக்குப் பாடத்தில் மிஞ்சியது ஒரு படிநிலைச் சார்பும் இந்த விரல் மறைப்பும்தான்.

சுற்றுக்குத் திரும்பலாம். துண்டுகளை அட்டவணையில் பார்த்து எழுதினால்:

v(t) = 1 − (25/24)e^(−t) + (1/24)e^(−25t)

இப்போது எண்கள் பேசத் தொடங்குகின்றன. முதல் உறுப்பான 1 மின்கலத்திடமிருந்து வந்தது. எல்லாம் அடங்கிய பிறகு நிலைத்திருக்கப்போவது அதுதான். மூன்றாவது உறுப்பு மிகச் சிறியது. மில்லிநொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் ஏறக்குறைய செத்துவிடும். ஆக, மின்தேக்கி நிரம்பும் வேகத்தைத் தீர்மானிப்பது நடுவிலுள்ள மெதுவான உறுப்பு. ஒரு மில்லிநொடி கழித்து அளந்தால் 6.17 வோல்ட்தான் இருக்கும்.

விடை சரியா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். t = 0 என்று போட்டால் சுழி வருகிறதா? 1 − 25/24 + 1/24 = 0; வருகிறது. அடுத்தது, தொடக்கத்தில் மின்னழுத்தம் ஏறும் வேகம் சுழியா? சுருள் இருக்கும் சுற்றில் மின்னோட்டம் திடீரென்று குதிக்க முடியாது. மின்னோட்டம் இல்லாமல் மின்தேக்கி நிரம்ப முடியாது. அதனால் வளைவு தரையோடு படிந்தபடிதான் கிளம்ப வேண்டும். வகையிட்டு t = 0 போட்டால் 25/24 − 25/24; அதுவும் சுழி.

முதல் சோதனைக்கு இயற்கணிதத்தில் ஒரு பொது விதியே இருக்கிறது. பகுதியின் படி தொகுதியின் படியைவிடக் குறைந்தது இரண்டு கூடுதலாக இருந்தால், A, B, C போன்ற எண்களின் கூட்டுத்தொகை சுழியாகத்தான் வரவேண்டும். தேர்வு அறையில் பத்து வினாடியில் முடியும் சரிபார்ப்பு இது. ஏனோ பலர் செய்வதில்லை.

இனி மின்தடையை மட்டும் மாற்றலாம். 2600 ஓமைக் கழற்றிவிட்டு 1000 ஓம் போட்டால் 26 இருந்த இடத்தில் 10 வரும். பகுதி s(s² + 10s + 25) ஆகும். அதாவது s(s + 5)². ஒரே மூலம் இரண்டு முறை வந்துவிட்டது. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. A/s + B/(s + 5) என்று இரண்டு துண்டோடு நிறுத்தினால், வலப்புறத்தைச் சேர்க்கும்போது பகுதியில் (s + 5)² ஒருபோதும் வராது. எந்த A, B போட்டாலும் சமன்பாடு பொருந்தாது. அடுக்கு இரண்டு என்றால் துண்டும் இரண்டு வேண்டும்:

25 / [s(s + 5)²] = A/s + B/(s + 5) + C/(s + 5)²

விரல் வித்தை A-க்கும் C-க்கும் வேலை செய்யும். s-ஐ மறைத்தால் A = 1. (s + 5)²-ஐ முழுசாக மறைத்து −5 போட்டால் C = −5. ஆனால் B-க்கு அது கைவிரிக்கும். (S + 5) ஒன்றை மட்டும் மறைத்தால் இன்னொன்று பகுதியில் மிஞ்சி, −5 போட்டதும் சுழியால் வகுக்கச் சொல்லும். பாடப்புத்தகம் இங்கே வகையிடச் சொல்கிறது. அதைவிட எளிது, முன்சொன்ன கூட்டுத்தொகை விதி. அதில் C சேராது, ஏனென்றால் அதன் கீழே (s + 5) வர்க்கமாக இருக்கிறது. ஆகவே A + B = 0; B = −1.

v(t) = 1 − e^(−5t) − 5t·e^(−5t)

ஒரு மில்லிநொடி கழிந்ததும் மின்னழுத்தம் 9.6 வோல்ட். மின்தடையைக் குறைத்ததும் அதே சுருளும் அதே மின்தேக்கியும் எவ்வளவோ வேகமாக நிரம்புகின்றன. 10 வோல்ட்டை ஒருபோதும் தாண்டாமல், இந்தச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து எட்டக்கூடிய வேகத்தின் எல்லை இது.

இன்னும் குறைத்து 600 ஓம் வைத்தால்? பகுதி s(s² + 6s + 25). இந்த இருபடிக் கோவையை மெய்யெண்களில் காரணிப்படுத்த முடியாது. மூலங்கள் −3 ± 4j என்ற கலப்பெண்கள். கலப்பெண்களோடே விரல் வித்தையைத் தொடரலாம், தவறில்லை. ஆனால் கையால் போடுபவர்கள் இருபடிக் கோவையை உடைக்காமல் அப்படியே வைத்து, அதன் மேலே Bs + C என்று எழுதுவார்கள். கணக்கு சட்டென்று முடிந்துவிடும்:

25 / [s(s² + 6s + 25)] = 1/s − (s + 6)/(s² + 6s + 25)

இருபடிக் காரணிகள் பெரிய தலைகளையும் ஏமாற்றியிருக்கின்றன. 1702-இல் லைப்னிட்ஸும் யோஹான் பெர்னூலியும் தொகையிடுவதற்காகப் பகுதிப் பின்னங்களை வெளியிட்டார்கள். அப்போது x⁴ + a⁴ என்பதை மெய்யெண் காரணிகளாக உடைக்க முடியாது என்று லைப்னிட்ஸ் நினைத்தார். x² + √2·ax + a², x² − √2·ax + a² என்ற இரண்டின் பெருக்கல்தான் அது. நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கவனிக்காமல் விட்டதை, இன்று பள்ளி மாணவர் போட்டுவிடுவார்.

600 ஓம் கணக்கின் கடைசிப் படியில்தான் பெரும்பாலோர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். s² + 6s + 25 என்பதை (s + 3)² + 16 என்று வர்க்கமாக்க வேண்டும். அட்டவணையில் கொசைனுக்கு மேலே (s + 3) இருக்கவேண்டும், சைனுக்கு மேலே 4 இருக்கவேண்டும். எனவே தொகுதியிலுள்ள s + 6 என்பதை (s + 3) + 3 என்று பிரிக்க வேண்டும். அவசரத்தில் s தனி, 6 தனி என்று பிரித்து, முதலாவதைக் கொசைன் என்றும் இரண்டாவதை சைன் என்றும் எழுதிவிடுகிறார்கள். அப்போது சைனுக்கு முன்னால் 3/4 வரவேண்டிய இடத்தில் 6/4 வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரியான விடை:

v(t) = 1 − e^(−3t)(cos 4t + ¾ sin 4t)

தவறான விடையிலும் t = 0 போட்டால் சுழிதான் வரும்; முதல் சோதனை அதைப் பிடிக்காது. இரண்டாவது சோதனை பிடித்துவிடும். தவறான விடையில் தொடக்க வேகம் 3 − 6, அதாவது −3. நேர்மின்னழுத்தம் கொடுத்த சுற்றில் மின்தேக்கி முதலில் எதிர்த்திசையில் நிரம்புகிறது என்று அது சொல்கிறது. அப்படி ஒரு மின்தேக்கி எங்கும் இல்லை. சரியான விடையில் 3 − 3 = 0.

சரியான விடையும் ஒரு வியப்பை வைத்திருக்கிறது. சுமார் 0.79 மில்லிநொடியில் மின்னழுத்தம் 10.95 வோல்ட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி, சின்ன அலையாக ஆடி, 10-இல் அடங்குகிறது. 10 வோல்ட் மின்கலத்திலிருந்து 10.95 வோல்ட்! சுருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுத்து, நிரம்பிய மின்தேக்கிக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவதால் வருவது அது. மின்தேக்கியின் தாங்குதிறனை 10 வோல்ட் என்று மட்டும் கணக்கிட்டு வாங்குபவர் இந்த உச்சத்தை மறந்துவிடக் கூடாது.

மூன்று கணக்கிலும் தொகுதி அதே 25. பகுதியின் மூலங்கள் மட்டும் மாறின: இரு வேறு மூலங்கள், இரட்டை மூலம், கலப்பெண் மூலம். வளைவின் வடிவம் அதற்கேற்ப மாறியது. அதனால்தான் கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்தவர்கள் ஒரு கோவையைப் பார்த்ததும் முதலில் பகுதியைக் காரணிப்படுத்துகிறார்கள். A, B, C எவ்வளவு என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி.

இந்த முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருக்கவேண்டும். மின்தேக்கிக்குப் பதில் சுருளின் குறுக்கே மின்னழுத்தத்தை அளப்பதாக வைத்துக்கொண்டால், 2600 ஓம் சுற்றின் கடத்துச் சார்பு s²/(s² + 26s + 25). இரண்டு படியும் சமம். இதைக் கவனிக்காமல் விரல் வித்தையை ஓட்டினால் (1/24)/(s + 1) − (625/24)/(s + 25) என்று கிடைக்கும். எண்கள் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் s = 0 போட்டால் மூலக் கோவை 0 தருகிறது; இது −1 தருகிறது. காணாமல்போன அந்த 1, முதலிலேயே நீள்வகுத்தல் செய்திருந்தால் ஈவாக வெளியே வந்திருக்கும். நேரத்தின் மொழியில் அதற்கு அர்த்தம் உண்டு: சுற்றுக்கு ஒரு நொடித்துளி அதிர்வைக் கொடுத்தால், சுருள் அதை அப்படியே தன் குறுக்கே காட்டும்.

பெரிய கோவைகளில் சிரமமெல்லாம் காரணிப்படுத்துவதில் இருக்கிறது. படி ஐந்தைத் தொட்டுவிட்டால் மூலங்களுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது, கணினிதான் வேண்டும். பைத்தானில் இரண்டு வரி போதும்:

```python
from scipy.signal import residue
r, p, k = residue([25], [1, 26, 25, 0])
```

p-இல் மூலங்களும் r-இல் A, B, C எண்களும் வரும். k என்பது நீள்வகுத்தலின் ஈவு. இந்தக் கணக்கில் ஈவு எதுவும் இல்லை.

கணினியிடம் கொடுத்தாலும் ஓரிடத்தில் கவனம் தேவை. 1000 ஓமுக்குப் பதில் 1001 ஓம் போட்டுப் பார்க்கலாம். மூலங்கள் இப்போது ஒன்றல்ல, −4.78 ஒன்று, −5.23 இன்னொன்று. அவற்றின் எண்கள் −11.69, +10.69. 1000.01 ஓம் என்றால் சுமார் −112, +111. மூலங்கள் நெருங்க நெருங்க இரண்டு எண்களும் எதிரெதிர்க் குறியோடு வீங்கிக்கொண்டே போகின்றன. ஆனால் விடையில் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுவதுமாக அடித்துக்கொள்கின்றன. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய விடை எடுக்கும்போது, மூலத்தில் இருக்கும் துளிப் பிழையும் பூதாகரமாகிவிடும். பகுதியின் படி அதிகமாகி, மூலங்கள் கொத்துக் கொத்தாக நெருங்கி நிற்கும் கணக்குகளில் கணினி தரும் A, B, C-ஐ அப்படியே நம்ப முடியாததற்கு இதுவே காரணம். r-இல் எதிரெதிர்க் குறியோடு பெரிய எண்கள் சோடியாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

சுற்றுக்கு இந்தத் தடுமாற்றம் எதுவும் தெரியாது. ஒரு மில்லிநொடியில் 1000 ஓம் சுற்று 9.596 வோல்ட் காட்டும். 1001 ஓம் சுற்று 9.593 வோல்ட் காட்டும். கடையில் வாங்கும் 1000 ஓம் மின்தடை ஐந்து சதவீதத் தரம் என்றால் 950-லிருந்து 1050 வரை எதுவாகவும் இருக்கலாம். சுருளின் கம்பிக்கே தனியாகத் தடையும் உண்டு. ஆகவே பலகையில் பற்றவைத்த எந்தச் சுற்றிலும் மூலம் துல்லியமாக இரட்டிக்கப்போவதில்லை. மூலங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்போது வடிவமைப்பாளர் அவற்றை இரட்டை மூலம் என்றே எடுத்துக்கொண்டு (s + 5)² என்று எழுதி மேலே போய்விடுகிறார். அதனால் வரும் மூன்று மில்லிவோல்ட் வித்தியாசம், மின்தடையின் சகிப்பு எல்லை உண்டாக்கும் வித்தியாசத்துக்குள் மறைந்துவிடுகிறது.